இரண்டு பில், இரண்டு விலை: ஒருங்கமை சமன்பாடுகளைப் புரிந்துகொள்வது

ஒரே கடையில் இரண்டு பேர் ஒரே வகை நோட்டும் ஒரே வகைப் பேனாவும் வாங்குகிறார்கள். ஒருவர் 2 நோட்டு, 3 பேனா வாங்கி 95 ரூபாய் கொடுக்கிறார். மற்றவர் 4 நோட்டு, 1 பேனா வாங்கி 115 ரூபாய் கொடுக்கிறார். பில்லில் மொத்தத் தொகை மட்டுமே இருக்கிறது. ஒரு நோட்டு என்ன விலை, ஒரு பேனா என்ன விலை?

முதல் பில்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள். பேனா 1 ரூபாய் என்றால் நோட்டு 46 ரூபாய். பேனா 3 ரூபாய் என்றால் நோட்டு 43 ரூபாய். பேனா 31 ரூபாய் என்றால் நோட்டு 1 ரூபாய். விலைகள் முழு ரூபாய்தான் என்று வைத்துக்கொண்டாலே 16 விடைகள் கிடைக்கின்றன. காசுக் கணக்கும் சேர்ந்தால் விடைக்கு முடிவே இல்லை. இரண்டாவது பில்லுக்கும் இதே கதைதான்: நோட்டு 1 ரூபாயிலிருந்து 28 ரூபாய் வரை எந்த முழு விலையை எடுத்தாலும் அதற்குப் பொருந்தும் ஒரு பேனா விலை இருக்கிறது. ஆனால் இரண்டு பட்டியலிலும் இடம்பெறும் சோடி ஒன்றே ஒன்று. அதைத் தேடுவதைத்தான் ‘ஒருங்கமை சமன்பாடுகளைத் தீர்த்தல்’ என்கிறோம். பட்டியல் போட்டுத் தேடாமல் நேராக அங்கே போய்ச் சேருவதற்குத்தான் முறைகள்.

முதலில் எழுத்துகளுக்குப் பொருள் சொல்லிவிடுவோம். ஒரு நோட்டின் விலை x ரூபாய், ஒரு பேனாவின் விலை y ரூபாய்.

2x + 3y = 95 … (1)
4x + y = 115 … (2)

‘x = நோட்டு’ என்று மட்டும் எழுதி வைப்பது பல விடைத்தாள்களில் காணும் பழக்கம். அது போதாது. x என்பது ஓர் எண். எதன் எண் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். நோட்டின் விலையா, நோட்டுகளின் எண்ணிக்கையா என்று தெளிவில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

தராசில் வைத்துப் பார்த்தால்

இரண்டு தட்டுத் தராசுகள் இரண்டை எடுத்துக்கொள்வோம். விலை ஒரு ரூபாய்க்கு எடை ஒரு கிராம் என்று வைத்துக்கொள்வோம். முதல் தராசின் இடத் தட்டில் 2 நோட்டும் 3 பேனாவும், வலத் தட்டில் 95 கிராம் எடைக்கற்கள். முள் நடுவில் நிற்கிறது. இரண்டாவது தராசின் இடத் தட்டில் 4 நோட்டும் 1 பேனாவும், வலத் தட்டில் 115 கிராம். அதிலும் முள் நடுவில்தான்.

ஒரு தராசின் இரண்டு தட்டிலும் சம எடையைச் சேர்க்கலாம், சம எடையை எடுக்கலாம், இரண்டு தட்டையும் ஒரே மடங்காகப் பெருக்கலாம். முள் அசையாது. இதை எட்டாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். இங்கே புதிதாக வருவது ஒன்றுதான்: இரண்டு தட்டிலிருந்தும் எடுக்கும் பொருள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, எடை ஒன்றாக இருந்தால் போதும். ‘2 நோட்டு, 3 பேனா’ என்பதும் ‘95 கிராம் கல்’ என்பதும் ஒரே எடை என்று முதல் தராசு உறுதி சொல்கிறது. ஆகவே இரண்டாவது தராசின் இடத் தட்டிலிருந்து 2 நோட்டையும் 3 பேனாவையும் எடுத்து, வலத் தட்டிலிருந்து 95 கிராம் கற்களை எடுத்தால் முள் நடுவிலேயே நிற்கும். ஒரு சமன்பாட்டிலிருந்து இன்னொன்றைக் கழிக்கலாம் என்பதற்கு நியாயம் இதுதான். ‘கழித்துவிடு’ என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால், ஏன் கழிக்கலாம் என்ற கேள்வி மாணவர் மனதில் அப்படியே நின்றுவிடும்.

ஆனால் ஒரு சிக்கல். இரண்டாவது தராசில் ஒரு பேனாதான் இருக்கிறது. 3 பேனாவை எடுக்க முடியாது. எனவே அந்தத் தராசை முதலில் மும்மடங்காக்குகிறோம். 12 நோட்டு, 3 பேனா, மறு தட்டில் 345 கிராம்.

12x + 3y = 345 … (3)

இப்போது முதல் தராசில் உள்ளதை இதிலிருந்து எடுக்கிறோம். 12 நோட்டில் 2 போய் 10 நோட்டு. பேனா ஒன்றும் மிஞ்சவில்லை. 345-இல் 95 போய் 250.

10x = 250, எனவே x = 25.

நோட்டு 25 ரூபாய். இதை (2)-இல் போட்டால் 100 + y = 115; பேனா 15 ரூபாய். பேனாவைத் தட்டிலிருந்து முழுதாக நீக்கியதால் இதற்கு நீக்கல் முறை என்று பெயர். எந்த மாறியை நீக்குவது என்பது நம் வசதி. இங்கே y-இன் கெழுக்கள் 3, 1 என்பதால் ஒரு சமன்பாட்டை மட்டும் பெருக்கினால் போதும். x-ஐ நீக்கவும் (1)-ஐ 2-ஆல் பெருக்கினால் போதும். 3-உம் 5-உம் போன்ற கெழுக்கள் வந்தால் இரண்டு சமன்பாட்டையும் பெருக்கியாக வேண்டும்.

பெருக்காமலே நேராகக் கழித்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதையும் பார்க்கலாம். (2)-இலிருந்து (1)-ஐக் கழித்தால் 2x − 2y = 20, அதாவது x − y = 10. கடைக்காரர் கணக்காகச் சொன்னால், இரண்டாமவர் 2 நோட்டு கூடுதலாகவும் 2 பேனா குறைவாகவும் வாங்கினார்; அதனால் 20 ரூபாய் கூடிவிட்டது. ஆக, ஒரு நோட்டு ஒரு பேனாவைவிட 10 ரூபாய் அதிகம். இங்கே எந்த மாறியும் நீங்கவில்லை, ஆனாலும் இது பயனுள்ள தகவல். முதல் பில்லில் ஒவ்வொரு பேனாவுக்கும் பதிலாக ‘நோட்டு விலையில் 10 குறைவு’ என்று வைத்தால் 2x + 3(x − 10) = 95, 5x = 125, மறுபடியும் x = 25.

கடைசியில் செய்தது பிரதியிடல் முறை. ஒரு மாறியை மற்றதன் மூலம் எழுதி அடுத்த சமன்பாட்டில் வைப்பது. (2)-இல் y-இன் கெழு 1 என்பதால் அங்கிருந்தே நேராகத் தொடங்கலாம்: y = 115 − 4x. இதை (1)-இல் வைத்தால் 2x + 3(115 − 4x) = 95. கெழு 1 எங்காவது இருந்தால் பிரதியிடல் சுலபம். இல்லாவிட்டால் பின்னங்கள் வந்து தொல்லை கொடுக்கும், அப்போது நீக்கலே நல்லது.

தராசு மாதிரிக்கு ஓர் எல்லை உண்டு. 2x − y = 35 என்று ஒரு சமன்பாடு வந்தால் ‘மைனஸ் ஒரு பேனா’வைத் தட்டில் வைக்க முடியாது. அதை 2x = y + 35 என்று மாற்றி எழுதினால், பேனா வலத் தட்டுக்குப் போய்க் கற்களோடு உட்கார்ந்துகொள்ளும்; தராசு மறுபடியும் வேலை செய்யும். விடையே குறை எண்ணாக வரும் கணக்குகளில் இதுவும் உதவாது. அங்கே வரைபடம்தான் துணை.

வரைபடத்தில் அதே கணக்கு

கிடை அச்சில் நோட்டின் விலை x, நிலை அச்சில் பேனாவின் விலை y. முதல் பில்லுக்குப் பொருந்தும் ஒவ்வொரு விலைச் சோடியும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் விழுகின்றன. இரண்டாவது பில்லுக்கும் ஒரு நேர்கோடு. இரண்டும் வெட்டும் புள்ளி மட்டுமே இரண்டு பில்லுக்கும் பொருந்தும்.

வரையும்போது பலர் பழக்கத்தில் x = 0 என்றும் y = 0 என்றும் போட்டுப் புள்ளி எடுக்கிறார்கள். இந்தக் கணக்கில் அது காலை வாரும். (1)-இல் x = 0 போட்டால் y = 31.666… என்று முடியாத தசமம் வருகிறது. (2)-இல் x = 0 போட்டால் y = 115; தாளுக்கு வெளியே ஓடிவிடுகிறது. முழு எண்ணாக வரும் புள்ளிகளைத் தேடி எடுப்பது நல்லது. (1)-க்கு (1, 31), (10, 25), (40, 5). (2)-க்கு (20, 35), (24, 19), (28, 3). ஒரு கோட்டுக்கு இரண்டு புள்ளி போதும் என்றாலும், மூன்றாவது புள்ளிதான் காவல்காரன்: அது கோட்டில் விழாவிட்டால் எங்கோ கணக்கிட்டதில் தவறு. இரண்டு புள்ளிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஸ்கேல் கொஞ்சம் நகர்ந்தாலும் கோடு திசை மாறிவிடும். தூரத் தூரமாக எடுங்கள்.

அளவுத்திட்டம் இரண்டு அச்சிலும் 1 செ.மீ. = 5 ரூபாய் என்று வைத்தால் 10 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரத்தில் படம் அடங்கிவிடும். கோடுகள் கிடை அச்சில் 5 செ.மீ., நிலை அச்சில் 3 செ.மீ. என்ற இடத்தில் வெட்டும். அதாவது (25, 15). தாளில் 5, 3 என்று தெரிவதை அப்படியே விடையாக எழுதிவிட்டு, அளவுத்திட்டத்தால் பெருக்க மறப்பது அடிக்கடி நடக்கும் பிழை. இன்னொன்று, இந்தத் தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது 50 காசு. விலை 14.80 ரூபாய் என்றிருந்தால் வரைபடம் அதைச் சொல்லாது. வரைபடம் விடை எங்கே இருக்கிறது என்று காட்டும், துல்லியத்துக்கு இயற்கணிதம்தான்.

இப்போது தராசையும் வரைபடத்தையும் இணைத்துப் பார்ப்போம். பாடத்தில் இவை தனித்தனி முறைகளாக வருவதால், இரண்டும் ஒரே காரியம் என்பது பலருக்குப் பிடிபடுவதில்லை.

சமன்பாடு (2)-ஐ மூன்றால் பெருக்கி 12x + 3y = 345 ஆக்கினோமே, அதன் கோடு எது? பழைய கோடேதான். (24, 19)-ஐப் போட்டுப் பாருங்கள்: 288 + 57 = 345. சமன்பாட்டின் எல்லா எண்களும் மும்மடங்கானாலும் பொருந்தும் சோடிகள் மாறவில்லை.

அடுத்து, இரண்டு சமன்பாட்டையும் கூட்டினாலோ கழித்தாலோ கிடைப்பது புதிய கோடு. கூட்டினால் 6x + 4y = 210. கழித்தால் x − y = 10. இந்த இரண்டு கோடுகளையும் அதே தாளில் வரைந்தால் இரண்டுமே (25, 15) வழியாகத்தான் போகும். காரணம் எளிது: இரண்டு சமன்பாட்டையும் உண்மையாக்கும் சோடி, அவற்றின் கூட்டலையும் கழித்தலையும் உண்மையாக்காமல் இருக்க முடியாது. எத்தனை மடங்கு எடுத்துக் கூட்டினாலும் கழித்தாலும் கோடு அந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்புமே தவிர அதை விட்டு விலகாது. நீக்கல் முறை செய்வது, அப்படித் திரும்பும் கோடுகளில் செங்குத்தாக நிற்கும் ஒன்றைப் பிடிப்பதுதான். 10x = 250 என்பது x = 25 என்ற நிலைக்குத்துக் கோடு. அது விடையின் x மதிப்பை நேராகச் சொல்லிவிடுகிறது. x-ஐ நீக்கியிருந்தால் y = 15 என்ற கிடைக்கோடு வந்திருக்கும்.

இதிலிருந்து ஓர் எச்சரிக்கையும் வருகிறது. புதிய கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு பழைய இரண்டையும் தூக்கி எறிந்துவிடக் கூடாது. x = 25 என்ற கோட்டிலும் முடிவில்லாத புள்ளிகள் உண்டு. பழைய சமன்பாடுகளில் ஒன்றோடு அதைச் சேர்த்தால்தான் மறுபடியும் ஒற்றைப் புள்ளி கிடைக்கும்.

கோடுகள் வெட்டாதபோது, வெட்டியும் பிடிபடாதபோது

இரண்டாமவர் 4 நோட்டு, 6 பேனா வாங்கி 190 ரூபாய் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். முதல் பில்லின் இருமடங்கு இது. புதிய தகவல் எதுவும் இல்லை. நீக்கிப் பார்த்தால் 0 = 0 என்று வரும், இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். அவரே 180 ரூபாய் கொடுத்திருந்தால் கழிக்கும்போது 0 = 10 என்ற பொய் வரும். கோடுகள் இணையானவை, விடை இல்லை. கணக்கில் நாம் தவறு செய்யவில்லை; ‘இரண்டு பேருக்கும் ஒரே விலை’ என்ற அனுமானம்தான் உடைந்திருக்கிறது. மொத்தமாக வாங்கியதற்குக் கடைக்காரர் 10 ரூபாய் தள்ளுபடி தந்திருக்கலாம்.

இந்த இரண்டு நிலையும் எல்லா வகுப்பிலும் சொல்லப்படும். அவ்வளவாகச் சொல்லப்படாத மூன்றாவது நிலை ஒன்று இருக்கிறது. இரண்டாமவர் 5 நோட்டு, 7 பேனா வாங்கி 230 ரூபாய் கொடுத்தார் என்போம். விடை அதே 25, 15 தான்: 125 + 105 = 230. ஆனால் வரைந்து பார்த்தால் இரண்டு கோடுகளுக்கும் இடைப்பட்ட கோணம் 2 டிகிரிக்கும் குறைவு. பென்சில் கோட்டின் தடிமனிலேயே ஒரு சென்டிமீட்டருக்கும் மேலான நீளத்துக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். வெட்டும் புள்ளி எது என்று விரல் வைக்க முடியாது.

வரைபடத்தின் குறை மட்டும் அல்ல இது. பில்லில் 230-ஐ 231 என்று தவறாக வாசித்துவிட்டதாக வைத்துத் தீர்த்துப் பாருங்கள். நோட்டு 28 ரூபாய், பேனா 13 ரூபாய் என்று வரும். ஒரே ஒரு ரூபாய்ப் பிழை நோட்டின் விலையை 3 ரூபாய் தூக்கிவிட்டது. நம் முதல் கணக்கில் 115-ஐ 116 என்று வாசித்திருந்தால் நோட்டு 25.30, பேனா 14.80, பிழை காசுகளோடு நின்றுவிடுகிறது.

இதை முன்கூட்டியே அறிய ஒரு சிறு கணக்கு போதும். கெழுக்களைக் குறுக்காகப் பெருக்கிக் கழியுங்கள். முதல் சோடியில் 2 × 1 = 2, 4 × 3 = 12; வித்தியாசம் 10. நீக்கிய பிறகு x-க்கு முன்னால் நின்ற அதே 10. மற்ற சோடியில் 2 × 7 = 14, 5 × 3 = 15; வித்தியாசம் வெறும் 1. தொகையில் நேரும் பிழை கடைசியில் இந்த எண்ணால்தான் வகுபடுகிறது. கெழுக்களின் அளவை ஒப்பிடும்போது அது சிறியதாக இருந்தால் பிழை பெரிதாக வெளியே வரும். அது 0 ஆகிவிட்டால் கோடுகள் இணையாகவோ ஒன்றாகவோ இருக்கும்.

தவறு எங்கே நடக்கிறது

சமன்பாட்டை மும்மடங்காக்கும்போது வலப்பக்கத்தைப் பெருக்க மறப்பதுதான் மிக மோசமானது, ஏனெனில் அது ஒளிந்துகொள்ளும். 12x + 3y = 115 என்று எழுதி (1)-ஐக் கழித்தால் 10x = 20, x = 2. இதை (2)-இல் போட்டால் y = 107. சரிபார்க்கிறேன் என்று மறுபடியும் (2)-ஐயே எடுத்தால் 8 + 107 = 115; ‘சரி’ என்று வந்துவிடும்! வராமல் எப்படி இருக்கும்? y-ஐக் கண்டுபிடித்ததே அதிலிருந்துதான். (1)-இல் போட்டால் 4 + 321 = 325; உடனே மாட்டிக்கொள்ளும். ஆகவே சரிபார்ப்பது எப்போதும் கடைசியில் பயன்படுத்தாத சமன்பாட்டில், அதுவும் கேள்வியில் கொடுத்த மூல வடிவத்தில்.

பிரதியிடலில் அடைப்புக்குறி வழுக்கும். 3(115 − 4x) என்பதை 345 − 4x என்று எழுதினால் x = 125 வரும். 4 நோட்டும் ஒரு பேனாவும் சேர்ந்தே 115 ரூபாய் என்கையில் ஒரு நோட்டு 125 ரூபாய் ஆக முடியாது. கழிக்கும்போது இடப்பக்கத்தைக் கழித்துவிட்டு வலப்பக்கத்தைக் கூட்டினால் x = 44; 4 நோட்டே 176 ரூபாய் ஆகிவிடும். இப்படிப்பட்ட பிழைகளைப் பிடிக்கச் சமன்பாடே தேவையில்லை, பில்லைப் பார்த்தாலே தெரிகிறது.

x எதைக் குறிக்கிறது என்ற விஷயத்துக்கு வருவோம். நோட்டு 25 ரூபாய், பேனா 15 ரூபாய். இரண்டும் சேர்த்து 30 பொருள்கள், மொத்தம் 650 ரூபாய் என்று கேள்வி மாறினால், தெரியாதது விலை அல்ல, எண்ணிக்கை. x + y = 30, 25x + 15y = 650. தீர்த்தால் 20 நோட்டு, 10 பேனா. மொத்தம் 655 என்றிருந்தால் x = 20.5 வரும். விலைக்கு ஐம்பது காசு உண்டு, ஆனால் அரை நோட்டை யாரும் விற்பதில்லை. எனவே அப்படியொரு பில் இருக்கவே முடியாது. x-ஐ ‘நோட்டு’ என்று மட்டும் எழுதியவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது.

ஒரு பழைய சந்தைக் கணக்கு

9-ஆம் நூற்றாண்டில் கர்நாடகப் பகுதியில் வாழ்ந்த கணித அறிஞர் மகாவீரர் இதே வகைக் கணக்கு ஒன்றைத் தந்திருக்கிறார். நாரத்தை இனப் பழம் 9, விளாம்பழம் 7 சேர்த்து விலை 107. அதே பழம் 7, விளாம்பழம் 9 சேர்த்து 101. ஒவ்வொன்றும் என்ன விலை?

9x + 7y = 107
7x + 9y = 101

வழக்கம்போல் நீக்கப் போனால் இரண்டு சமன்பாட்டையும் 7-ஆலும் 9-ஆலும் பெருக்க வேண்டிவரும், எண்கள் ஆயிரத்தை நெருங்கும். கெழுக்கள் இடம் மாறி நிற்பதைக் கவனித்தால் அந்த வேலை மிச்சம். கூட்டுங்கள்: 16x + 16y = 208, எனவே x + y = 13. கழியுங்கள்: 2x − 2y = 6, எனவே x − y = 3. இந்த இரண்டையும் மறுபடி கூட்டினால் 2x = 16. நாரத்தை 8, விளாம்பழம் 5.

மூல பில்களில் போட்டுப் பார்க்கலாம். 72 + 35 = 107. 56 + 45 = 101.